பசுவின் நீளத்தை நாடாவால் எப்படி அளப்பது?

வத்தளையில் ஒரு ஜெர்சி கலப்புப் பசு வளர்க்கிறோம். குடற்புழு மருந்தின் அளவுக்கு அதன் எடை வேண்டும். அருகில் தராசு இல்லை. மார்புச் சுற்றளவின் வர்க்கத்தை உடல் நீளத்தால் பெருக்கி 10,840ஆல் வகுக்கிறேன் (சென்ரிமீற்றரில் அளந்தால் விடை கிலோ).

முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், காலைத் தீனிக்கு முன், சமதரையில் தலை நேராக நிற்கும்போது அளந்தேன். சுற்றளவு எப்போதும் 150தான். வர்க்கமாவதால் அதில் 3 சென்ரிமீற்றர் பிசகினாலே 11 கிலோ கூடிவிடும். நல்லவேளை, அந்த அளவு மாறவில்லை.

சிக்கல் நீளத்தில். தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை நேர்க்கோட்டில் 130. எடை 270 கிலோ. வயிற்றின் வளைவோடு நாடாவை ஒட்டவைத்தால் 138, எடை 286. பசுவை அசையாமல் நிறுத்துவதே பெரும்பாடு.

இந்தச் சூத்திரத்துக்கு எந்த நீளத்தை எடுக்க வேண்டும்?