கால் பிரேம் 880 ரூபாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்

கிராண்ட்பாஸ் பட்டறை

இரும்பு மேசை, வாங்கு செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. வெல்டிங் பாஸ் ஒருவர், உதவிக்கு இரண்டு பொடியன்கள், கணக்குக்கு நான். போன மாதம் ஒரு ரியூஷன் சென்டருக்கு 60 மேசை செய்து கொடுத்தோம். வேலை முடிந்து காசும் கைக்கு வந்தது. ஆனால் ஆமர் வீதிக் கடைக்குப் பாக்கியைக் கட்டிவிட்டுப் பார்த்தால் மிஞ்சவேண்டியது மிஞ்சவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, சாமானும் களவு போகவில்லை. இரண்டு இரவு குந்தியிருந்து எக்செலைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓட்டை தெரிந்தது. இங்கே சொல்கிறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

எங்கள் மேசை ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் பிரேம், அவற்றை இணைக்க 36 அங்குலக் குறுக்குச் சட்டம் மூன்று. கால் பிரேம் ஒன்றுக்கு 28 அங்குலத்தில் கால் இரண்டு, 16 அங்குலத்தில் கை இரண்டு, மொத்தம் 88 அங்குலம். எல்லாமே ஒரு அங்குலப் பொக்ஸ் பார்தான். 20 அடி பார் 2,400 ரூபாய் இருந்த நேரம் கணக்குப் போட்டேன். 240 அங்குலம் 2,400 ரூபாய் என்றால் அங்குலம் பத்து ரூபாய். அப்படியென்றால் கால் பிரேம் 880. இந்தப் பிரேம்தான் வாங்குக்கும் கொம்பியூட்டர் மேசைக்கும் போகிறது. ஆகவே 880 என்று மூன்று தாளிலும் கையால் தட்டி வைத்துவிட்டேன்.

பிறகு பார் 3,000 ஆனது. விலைப் பட்டியலில் மாற்றினேன். மேசையின் அடக்கவிலை ஏறியது! அதனால்தான் சந்தேகமே வரவில்லை. ஏறியது குறுக்குச் சட்டம் மட்டும்: 1,080 இருந்தது 1,350 ஆகிவிட்டது. இரண்டு பிரேமும் பழைய 1,760இலேயே உறைந்து கிடந்தன. தாள் சொன்ன இரும்புச் செலவு 3,110. ஏறவே இல்லையென்றால் அன்றைக்கே பிடித்திருப்பேன், பாதி ஏறியதால் ஏமாந்தேன்.

தெஹிவளை கேக் அக்கா

தம்பி, விலை ஏறியதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்வது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் முன்கூட்டியே மெசேஜ் போட்டுவிடுவேன், ஒருவரும் கோபிக்கவில்லை. என் கணக்கு எளிது. சாமான் விலையை மூன்றால் பெருக்கினால் விற்பனை விலை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எனக்கும் பட்டர் ஐசிங்கில் இதே கதைதான். ஐசிங்குக்கு ஒரு கொப்பி, கேக்குக்கு ஒரு கொப்பி. பட்டர் விலை ஏறினால் ஐசிங் கொப்பியில் திருத்துவேன், கேக் கொப்பியில் ஐசிங் பழைய விலையிலேயே இருக்கும். போதாததற்கு, இரண்டு கிலோ சாமான் போட்டு அடித்தால் கேக்கில் போய் ஏறுவது 1.8 கிலோதான். மிச்சம் பாத்திரத்திலும் பைப்பிங் பையிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. இரண்டு கிலோவால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

கிராண்ட்பாஸ் பட்டறை

அக்கா, வாடிக்கையாளர் பிரச்சினை இல்லை, எனக்கே என் விலை தெரியவில்லை என்பதுதான் பிரச்சினை! ஆனால் அந்தப் பைப்பிங் பை விஷயம் சரியாகப் பொருந்துகிறது.

மாளிகாவத்தை அலுமினியம்

இதெல்லாம் தேவையில்லாத தலையிடி. நாங்கள் எல்லாப் பொருட்பட்டியலிலும் கடைசியில் பத்து வீதம் கழிவு என்று ஒரு வரி போட்டுவிடுவோம். ஏழு வருடமாக ஓடுகிறது. அதோடு வற் வரியையும் சேர்த்தே சாமான் விலையைப் போடுங்கள். கடைக்குக் கொடுத்த காசு கொடுத்த காசுதானே.

ஓய்வுபெற்ற கொஸ்ட் கிளார்க்

நான் முப்பது வருடம் தொழிற்சாலை ஒன்றில் இந்த வேலைதான் பார்த்தேன். இரண்டு தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பத்து வீதம். கிராண்ட்பாஸ் தம்பி, உங்கள் பாஸ் எப்படி வெட்டுகிறார் என்று நின்று பார்த்தீர்களா? ஒரு பாரில் 28 அங்குலக் கால்கள் மட்டும் வெட்டினால் எட்டு வரும். 224 அங்குலம் கால்களுக்கு. வெட்டும் வீல் ஒவ்வொரு வெட்டுக்கும் கிட்டத்தட்ட அரைக்கால் அங்குலம் தின்னும், எட்டு வெட்டுக்கு ஒரு அங்குலம். மிஞ்சுவது 15 அங்குலம். உங்களுக்குக் கை 16. ஒரு அங்குலம் போதாமல் அந்தத் துண்டு மூலைக்குப் போகிறது. கையைத் தனிப் பாரில் வெட்டினால் கடதாசியில் 240ஐ 16ஆல் வகுத்துப் பதினைந்து. வீல் தின்றதுபோக உண்மையில் பதினான்குதான் வரும்.

ஆகவே பட்டியலில் அங்குலத்தை எழுதாதீர்கள். கால் என்றால் பாரில் எட்டில் ஒன்று, கை என்றால் பதினான்கில் ஒன்று, 36 அங்குலச் சட்டம் என்றால் ஆறில் ஒன்று என்று எழுதுங்கள். 2,400 ரூபாய்ப் பாரில் கால் பிரேம் 880 அல்ல, 943. இப்போதைய 3,000இல் 1,179. இரண்டு பிரேமும் மூன்று சட்டமும் சேர்த்து இரும்பு மட்டும் 3,857. தாள் சொன்னது 3,110. மேசைக்கு 747 ரூபாய், 60 மேசைக்குக் கிட்டத்தட்ட 44,800. நீங்கள் தேடிய காசு அங்கேதான் இருக்கிறது.

பத்து வீதம் இங்கே தற்செயலாகச் சரிபோல இருக்கும், 880க்குப் பத்து வீதம் சேர்த்தால் 968 வருகிறது. ஆனால் 41 அங்குலத் துண்டு ஒன்றை எடுங்கள். பாரில் ஐந்துதான் வரும், 34 அங்குலம் மிச்சம். ஐந்து துண்டின் 205 அங்குலத்தோடு பார்த்தால் அங்கே பதினேழு வீதம் போகிறது. துண்டின் நீளத்தைப் பொறுத்து மாறுவதை ஒரே வீதத்தில் அடக்கினால், ஒரு சாமானில் கூட்டிக் கேட்டு வாடிக்கையாளரை இழப்பீர்கள், இன்னொன்றில் குறைத்துக் கேட்டுக் காசை இழப்பீர்கள். மொத்தத்தில் நட்டமில்லாததால் ஏழு வருடம் தெரியாமலும் போகலாம்.

வற் விஷயம்: பதிவு இல்லாத பட்டறை என்றால் நீங்கள் சொன்னது சரி, அது உங்கள் செலவுதான். பதிவு செய்த பட்டறை, சாமானுக்குக் கட்டிய வற்றை விற்பனை வற்றில் கழித்துக்கொள்ளலாம். அதை அடக்கவிலையில் வைத்தால் 2024 ஜனவரியிலிருந்து இருக்கும் 18 வீதம் சும்மா ஏறி நிற்கும்.

கிராண்ட்பாஸ் பட்டறை

ஐயா, இப்போதுதான் மூலையில் போய் எண்ணினேன். 15 அங்குலத் துண்டு 61 கிடக்கிறது. இத்தனை நாளும் பாஸ் கவனமில்லாமல் வெட்டுகிறார் என்று நினைத்திருந்தேன், பாவம் மனிதன்.

எக்செலை எப்படித் திருத்துவது?

ஓய்வுபெற்ற கொஸ்ட் கிளார்க்

அடியிலிருந்து மேலே வாருங்கள். வாங்கும் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரே விலைத் தாள், அங்கே மட்டும்தான் விலையைக் கையால் தட்டலாம். கால் பிரேமுக்குத் தனித் தாள். அதில் ஒவ்வொரு வரிக்கும் விலை இப்படி வரட்டும்:

```
=VLOOKUP(A3, Rates!A:C, 3, FALSE)
```

கடைசியில் இருக்கும் FALSE-ஐ விடாதீர்கள். விட்டால் பெயர் சரியாகப் பொருந்தாத இடத்தில் பக்கத்து வரியின் விலையை எடுத்துக்கொண்டு, பிழை என்று காட்டாமல் அமைதியாக இருக்கும். மேசைத் தாளில் 880 தட்டிய இடத்தில் எண்ணே இருக்கக்கூடாது:

```
=LegFrame!E14
```

வாங்குக்கும் கொம்பியூட்டர் மேசைக்கும் அதே. பிறகு ஒரு சோதனை. விலைத் தாளில் பாரின் விலையை ஒரு நிமிடத்துக்கு இரட்டிப்பாக்குங்கள். மேசையில் 3,857 ரூபாய்க்கு இரும்பு இருக்கிறது என்றால் அடக்கவிலை சரியாக 3,857 ஏறவேண்டும். குறைந்தால் எங்கேயோ உறைந்த எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. கூடினால் ஒரே சாமானை இரண்டு தரம் எண்ணியிருக்கிறீர்கள்.

கூலியையும் பாருங்கள். பிரேம் ஒட்டும் கூலியைப் பிரேம் தாளில் வைத்தால் மேசைத் தாளில் பாஸின் முழுநாள் சம்பளத்தைப் போடாதீர்கள், சேர்த்து முடிக்கும் நேரம் மட்டும்.

மருதானை இன்வேர்ட்டர்

எல்லாம் சரி, ஆனால் எந்த விலையைத் தட்டுவது? 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது டொலர் 200 அளவில் இருந்தது மே மாதம் 360ஐத் தாண்டியது. நாங்கள் பில்லில் இருந்த விலைக்கு அடக்கம் பார்த்து, லாபம் வைத்து விற்றோம். விற்ற காசைக் கொண்டுபோனால் அதே டிரான்சிஸ்டர், அதே செப்புக் கம்பியைத் திரும்ப வாங்க முடியவில்லை. கணக்கில் லாபம், ராக்கை காலி. அன்றிலிருந்து இன்று கடையில் கேட்கும் விலைதான் என் விலை.

ஓய்வுபெற்ற கொஸ்ட் கிளார்க்

கொட்டேசனுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். வருடக் கடைசியில் லாபம் பார்க்க, கொடுத்த விலைதான் வேண்டும். இரண்டையும் ஒரே நிரலில் வைக்கமுடியாது.

மருதானை இன்வேர்ட்டர்

இரண்டு நிரல் வைத்துப் பார்த்தேன் ஐயா, ஒன்றைத் திருத்துவேன், மற்றது மறந்துபோகும். எனக்கு ஒன்றே போதும்.

மாளிகாவத்தை அலுமினியம்

பத்து வீதத்தை இன்னும் விடவில்லை. ஆனால் நேற்று ஜன்னல் சட்டத்தில் எண்ணிப் பார்த்தேன், ஒரு அளவுக்கு இருபதுக்கு மேலே போகிறது. மற்ற அளவுகளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

கிராண்ட்பாஸ் பட்டறை

சோதனையைச் செய்தேன். மேசையும் வாங்கும் சரியாக ஏறின. கொம்பியூட்டர் மேசை குறைந்தது. கீபோர்ட் தட்டுக்கு ஒரு சின்னப் பிரேம், அதிலும் கையால் தட்டிய எண் ஒன்று, எப்போது தட்டினேன் என்றே ஞாபகம் இல்லை.

அப்புறம் ஐயா, காலையும் கையையும் ஒரே பாரில் கலந்து வெட்டினால் பிரேம் 1,125க்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாஸிடம் காட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்டொப்பரை மாற்றச் சொல்கிறாயா என்று சிரித்தார். பிறகு அவரே மூலையிலிருந்து ஒரு 15 அங்குலத் துண்டை எடுத்து வந்து பிரேமில் வைத்துக் காட்டினார். கையை 15 ஆக்கினால் என்ன? கால் பாரில் எட்டுக் காலோடு ஒரு கை இலவசமாக வரும், கைப் பாரில் பதினைந்து வரும். போட்டுப் பார்த்தேன், பிரேம் 1,100. மேசைக்கு 157 ரூபாய் குறைகிறது, ஸ்டொப்பரும் அசையவில்லை.

மேசையின் அடி ஒரு அங்குலம் ஒடுங்கும். பிள்ளைகள் முன்னால் சாய்ந்து ஏறினால் ஆடுமா என்று பார்க்க ஒன்று ஒட்டி வைத்திருக்கிறோம். பாஸின் மகன் நாளைக்கு ஏறிப் பார்ப்பான்.