கிரிப்டோ இரேஸ்: குறியாக்க அழிப்பா, சாவியழிப்பா?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வட்டுகளைப் பராமரிக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரே திரையில் மூன்று பொத்தான்கள் இருக்கின்றன: டெலீட், இரேஸ், கிரிப்டோகிராஃபிக் இரேஸ். முதலாவதற்கு "நீக்கு", இரண்டாவதற்கு "அழி" என்று வைத்துவிட்டேன். மூன்றாவதற்குப் பழைய மொழிபெயர்ப்புக் கோப்பில் "குறியாக்க அழிப்பு" என்று இருக்கிறது.

எனக்கு அது நெருடுகிறது. பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவதையும், எழுத்துகளுக்கு எண் கொடுப்பதையும் நாம் குறியாக்கம் என்றுதான் எழுதுகிறோம். அதைவிடப் பெரிய கவலை, இந்தச் சொல்லைப் பார்க்கும் ஒருவர் "இதை அழுத்தினால் வட்டின் பூட்டு போய்விடும், இனிக் கடவுச்சொல் கேட்காது" என்று எடுத்துக்கொள்ளலாம். அழுத்தினால் சில நொடிகளில் வட்டில் உள்ள அனைத்தும் போய்விடும், திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. நல்ல சொல் வேண்டும்.

அருளப்பன் எழுதியது:

உங்கள் நெருடல் சரிதான் அம்மா. "குறியாக்க அழிப்பு" என்பது தொகை. விரித்தால் "குறியாக்கத்தை அழித்தல்" என்று இரண்டாம் வேற்றுமையாகவும் வரும், "குறியாக்கத்தால் அழித்தல்" என்று மூன்றாம் வேற்றுமையாகவும் வரும். அழிப்பு, ஒழிப்பு, நீக்கம் போன்ற சொற்களுக்கு முன்னால் ஒரு பெயர் நின்றால் தமிழ்க் காது முதலில் இரண்டாம் வேற்றுமையைத்தான் கேட்கும். கொசு ஒழிப்பு என்றால் கொசுவைத்தான் ஒழிக்கிறோம். "குறியாக்கம்" என்பதை "மறையாக்கம்" என்று மாற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது.

இந்தச் செயலில் உண்மையில் அழிவது எது என்று யாராவது சொன்னால் அதையே முன்னால் வைத்துவிடலாம்.

நசீர் எழுதியது:

இதற்குத் தனிச் சொல் தேவையா? கோப்பின் மீது வேறு எதையாவது மூன்று முறை எழுதினால் பழையது போய்விடும். நான் பல ஆண்டுகளாக `shred` கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன். "மேலெழுதி அழித்தல்" என்ற சொல்லே போதும்.

இளங்கோ எழுதியது:

நசீர், காந்தத் தட்டு சுழலும் பழைய வட்டில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் அப்படி நடப்பதில்லை. நான் சேமிப்பகங்களுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபெர்ம்வேரை எழுதும் வேலையில் இருப்பவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிளாஷ் சிப்பில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும், அழிப்பது பிளாக் பிளாக்காகத்தான் நடக்கும். எழுதிய பக்கத்தின் மீது மறுபடி எழுத முடியாது. அது இருக்கும் முழு பிளாக்கையும் அழித்த பிறகுதான் அந்த இடம் எழுதத் தயாராகும். ஒரு பக்கம் 16 கேபி, ஒரு பிளாக்கில் 256 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு பிளாக் 4 எம்பி. இன்றைய சிப்புகளில் பிளாக் இதைவிடப் பெரியதாகவே இருக்கும், கணக்கு எளிதாக வர இந்த அளவை எடுத்திருக்கிறேன்.

உங்களிடம் 1 எம்பி கோப்பு ஒன்று இருக்கிறது. அது 64 பக்கங்களில் இருக்கும். அதே பிளாக்கின் மற்ற 192 பக்கங்களில் வேறு கோப்புகள் இருக்கின்றன. `shred` மூன்று முறை எழுதச் சொல்கிறது. வட்டின் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு எங்கோ காலியாக உள்ள 64 பக்கங்களில் எழுதிவிட்டு, "இந்த முகவரி இனி இங்கே" என்று தன் அட்டவணையை மட்டும் திருத்துகிறது. முடிவில் உங்கள் கோப்பின் மூல 64 பக்கங்கள் முதலில் இருந்த இடத்திலேயே, ஒரு பிட் கூட மாறாமல் இருக்கின்றன. செல்லாதவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

அவை எப்போது உண்மையாக அழியும்? கன்ட்ரோலர் அந்த பிளாக்கைக் காலி செய்ய முடிவெடுக்கும்போது. செல்லாத பக்கங்கள் அதிகம் உள்ள பிளாக்கைத்தான் அது முதலில் தேடும், ஏனென்றால் செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தும் செலவு அதில் குறைவு. நம் பிளாக்கில் 192 பக்கங்கள் இன்னும் செல்லுபடியானவை. ஆகவே அது வரிசையில் பின்னால் நிற்கும். நாளையும் அழியலாம், மாதக் கணக்கிலும் கிடக்கலாம். வெளியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், கன்ட்ரோலரைத் தவிர்த்துவிட்டுச் சிப்புகளை நேரடியாகப் படித்தார்கள். தனிக் கோப்பை மேலெழுதும் முறைகள் எல்லாமே தோற்றன. எஸ்எஸ்டிகளில் கோப்பின் 4 முதல் 75 சதவீதம் வரை மிஞ்சியிருந்தது. அவர்கள் சோதித்த 12 வட்டுகளில் ஒன்று, முழு அழிப்புக் கட்டளைக்கு "வெற்றி" என்று பதில் சொல்லிவிட்டு, எல்லாத் தரவையும் அப்படியே வைத்திருந்தது.

அதனால்தான் கிரிப்டோ இரேஸ். தரவு வட்டுக்குள் நுழையும்போதே ஒரு சாவியால் மறையாக்கப்பட்டுச் சிப்பில் எழுதப்படுகிறது. அழிக்க வேண்டிய நாளில் அந்த 256 பிட் சாவியை மட்டும் ஒழித்துவிடுகிறோம். தரவின் எத்தனை பழைய பிரதிகள் எந்தெந்த பிளாக்கில் கிடந்தாலும் அவற்றைப் படிக்க முடியாது. அருளப்பன் ஐயா கேட்டதற்குப் பதில்: அழிவது சாவி.

மீனாட்சி எழுதியது:

இந்த உரையாடலைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. போன வாரம் மடிக்கணினியில் ஒரு படத் தொகுப்பை ஷிஃப்ட் டெலீட் கொடுத்து நீக்கிவிட்டேன். எஸ்எஸ்டிதான். இரண்டு மீட்பு மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தேன். கோப்புப் பெயர்கள் வருகின்றன, திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யம். நீங்கள் சொல்வதுபோல் தரவு அப்படியே இருந்தால் எனக்கு ஏன் கிடைக்கவில்லை?

இளங்கோ எழுதியது:

மீனாட்சி, வருத்தமாக இருக்கிறது. கோப்பை நீக்கியதும் இயங்குதளம் வட்டுக்கு டிரிம் என்ற அறிவிப்பை அனுப்பியிருக்கும். "இந்த முகவரிகள் இனி எனக்கு வேண்டாம்" என்பதுதான் அதன் பொருள். அதன்பின் அந்த முகவரியை யார் கேட்டாலும், பெரும்பாலான கன்ட்ரோலர்கள் சிப்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பூஜ்யத்தைக் கொடுத்துவிடும். மீட்பு மென்பொருளும் கன்ட்ரோலர் வழியாகத்தான் கேட்கிறது. படங்கள் சிப்பில் இன்னும் இருந்தாலும் உங்களுக்கு வழி மூடிவிட்டது.

பார்த்தால் முரண்போலத் தெரியும். உரிமையாளருக்கு அது போய்விட்டது, சிப்பைக் கழற்றிப் படிக்கக்கூடியவருக்குப் போகாமல் இருக்கலாம். கணினியை இனி இயக்காமல் வைத்துவிட்டு, சிப்பு அளவில் வேலை செய்யும் மீட்பு நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள். வட்டுக்கு மின்சாரம் போகும்வரை கன்ட்ரோலர் பின்னணியில் காலி செய்துகொண்டேதான் இருக்கும். உங்கள் வட்டு தானே மறையாக்கம் செய்வதாக இருந்தால் சிப்பைக் கழற்றியும் பயனில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நசீர் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் பழைய எஸ்எஸ்டியை இன்று முழுவதுமாக மறையாக்கிவிட்டு, நாளை சாவியை அழித்துவிட்டால் முடிந்ததல்லவா? யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்.

இளங்கோ எழுதியது:

பாதி முடிந்தது. நீங்கள் இயங்குதளத்தின் வழியாக மறையாக்கும்போது, ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, மறையாக்கி, திரும்ப எழுதுகிறீர்கள். அந்த எழுத்தும் புதிய பக்கத்துக்குத்தான் போகும். மறையாக்கப்படாத பழைய பக்கங்கள் செல்லாதவையாகக் கிடக்கும். வட்டு தன் சொந்தத் தேவைக்காக உங்களுக்குக் காட்டாமல் வைத்திருக்கும் இடத்திலும், தேய்ந்துபோனதென்று ஒதுக்கிவைத்த பிளாக்குகளிலும் அவை இருக்கலாம். அந்தப் பழைய பக்கங்கள் எந்தச் சாவிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சாவியை அழிப்பது பலிக்க வேண்டுமென்றால் முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வட்டின் கன்ட்ரோலர் முதல் நாளிலிருந்தே தானாக மறையாக்கி வந்திருந்தால் கதை வேறு. என்விஎம்இ வட்டானால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

```
nvme id-ctrl -H /dev/nvme0 | grep -i crypto
nvme sanitize /dev/nvme0 --sanact=4
nvme sanitize-log /dev/nvme0
```

முதல் வரி அந்த வசதி இருக்கிறதா என்று மட்டும் காட்டும். இரண்டாவது வரி திரும்ப முடியாதது, எந்த வட்டு என்பதை இருமுறை பார்த்துவிட்டு அடியுங்கள். மூன்றாவது வரி முடிந்ததா, தோற்றதா என்று சொல்லும். அது சொல்வதும் ஃபெர்ம்வேரின் வாக்குமூலம்தான் என்பதை மறக்க வேண்டாம். அழிப்பதற்கு முன் தெரிந்த ஒரு வடிவத்தை வட்டு முழுக்க எழுதி வைத்து, பிறகு படித்துப் பாருங்கள். அந்த வடிவம் திரும்ப வந்தால் அழிப்பு தோற்றது என்று உறுதியாகத் தெரியும். வராவிட்டால் தோற்றதற்கான அடையாளம் இல்லை என்று மட்டுமே சொல்லலாம்.

அருளப்பன் எழுதியது:

அப்படியானால் "சாவியழிப்பு" என்றே முன்மொழிகிறேன். இரண்டாம் வேற்றுமைத் தொகை, வேறு பொருள் கொள்ள இடமில்லை. சாவி போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, "திறவுகோல்" இருக்கிறதே என்று கேட்பீர்கள். திறவுகோலழிப்பு பொத்தானில் அடங்காது, வாயிலும் எளிதாக வராது.

இன்னொன்றும் மனதில் பட்டது. மணி பிடிக்காமல் பதராகிப் போன கதிரையும் சாவி என்போம். "பயிர் சாவியாகிவிட்டது" என்று சொல்வதுண்டு. உமி இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. சாவி போன வட்டின் நிலையும் அதுதானே? இது வேறு சொல், வேறு வேர். ஆனால் தமிழ் அறிந்தவர் காதில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்.

இளங்கோ எழுதியது:

ஐயா, அந்தப் பதர் உவமை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருந்தும் ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. சாவி எங்கே இருக்கிறது? அதுவும் அதே ஃபிளாஷில் இருந்தால் அதற்கும் பழைய பிரதிகள் உண்டு.

2018இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். சாம்சங் 840 ஈவோ எஸ்எஸ்டியில் கடவுச்சொல் வைத்த பிறகு சாவி பூட்டப்பட்ட வடிவில் புதிதாக எழுதப்பட்டது. பூட்டப்படாத பழைய பிரதியோ, மேலே சொன்ன அதே காரணத்தால், வேறொரு பக்கத்தில் தங்கியிருக்கக்கூடும். லினக்ஸில் `cryptsetup luksErase` கட்டளைக்கும் இதே வரம்பு உண்டு. கடவுத்தொடரால் பூட்டப்பட்ட சாவி இருக்கும் சாவித் துளைகளை அது மேலெழுதுகிறது, மேலெழுதப்பட்ட பக்கம் சிப்பில் மிஞ்சலாம். அங்கே கடைசிப் பாதுகாப்பு உங்கள் கடவுத்தொடரின் வலிமைதான்.

ஆகவே "சாவியழிப்பு" என்று பொத்தானில் போட்டால், எல்லாப் பிரதிகளும் அழிந்தன என்று நாம் வாக்குக் கொடுப்பதாகிறது. "சாவி மாற்றம்" என்றால் வட்டுக்குள் நடப்பதற்கு நெருக்கமாக இருக்கும். பல வட்டுகள் புதுச் சாவியை உருவாக்கிப் பழையதன் இடத்தில் வைக்கின்றன.

நசீர் எழுதியது:

"சாவி மாற்றம்" வேண்டவே வேண்டாம். கடவுச்சொல் மாற்றுவது என்று நினைத்து நானே அழுத்திவிடுவேன்.

கயல்விழி எழுதியது:

நசீர் சொன்னதில் எனக்கு உடன்பாடு, முதல் மடலில் நான் பயந்ததும் அதற்குத்தான். பொத்தானில் "சாவியழிப்பு" என்று வைத்து, அழுத்தியதும் வரும் எச்சரிக்கையை இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த வட்டின் மறையாக்கச் சாவி அழிக்கப்படும். வட்டில் உள்ள எதையும் இனி யாராலும் படிக்க முடியாது."

இளங்கோ, "யாராலும்" என்ற சொல்லை வைக்கலாமா? நீங்கள் சொன்னதைப் படித்தபின் கை தயங்குகிறது. "உங்களால்" என்று போட்டால் உண்மை, ஆனால் வட்டை விற்கப்போகிறவர் தேடும் உறுதி அதில் இல்லை. கோப்பை ஞாயிறு வரை பூட்டாமல் வைத்திருக்கிறேன்.