பிளாக்கும் கடையும்: தளத்துக்குள்ளேயா, துணை டொமைனிலா?

வணக்கம். ஈரோட்டில் எங்கள் போர்வை, துண்டு வியாபாரத்துக்கு வேர்ட்பிரஸ் தளம் ஒன்று இருக்கிறது. பிளாக் மூன்று வருடமாக `blog.` என்ற துணை டொமைனில் ஓடுகிறது. அதுவும் வேர்ட்பிரஸ்தான், ஒரே சர்வர். அதனால் `/blog/` என்று உள்ளே கொண்டுவர நினைக்கிறேன். 140 கட்டுரைகளையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பினால் கூகுள் `Soft 404` என்று ஒதுக்கிவிடும்; ஒவ்வொன்றுக்கும் தனியாக 301 போடப் போகிறேன்.

குழப்பம் கடையில்தான். அது ஷாப்பிஃபையில் இருக்கிறது. `/shop/` என்று வைக்க நடுவில் ரிவர்ஸ் பிராக்ஸி வேண்டும். பணம் கட்டும் பக்கம் நின்றுபோனால் யாரைக் கேட்பது? வூகாமர்ஸுக்கு மாறினால் பராமரிப்பு முழுக்க என் தலையில். 60 பொருளுக்கு இது தேவையா, `shop.` என்றே விட்டுவிடலாமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், பழைய தேடல் வரத்து திரும்ப எத்தனை நாள் ஆனது?