சக ஊழியரிடம் குறையை எப்படிச் சொன்னீர்கள்? சூழல், செயல், விளைவு முறையில் உங்கள் அனுபவங்கள்

வைகைக்கரை

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மெடிக்கல் வார்டு நர்ஸ். கூட வேலை செய்பவரிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் சூழல், செயல், விளைவு என்ற வரிசையில் சொல்லுங்கள் என்று எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது, எங்கே நடந்தது. அவர் என்ன செய்தார். அதனால் என்ன ஆனது. அவ்வளவுதான். போன மாதம் அதைப் பயன்படுத்தும் சந்தர்ப்பம் வந்தது. விவரமாக எழுதுகிறேன்.

நாலாம் பெட்டில் இதயம் பலவீனமான ஒரு பெரியவர். உடம்பில் நீர் சேர்ந்து கால் வீங்கியிருந்தது. இப்படிப்பட்டவருக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று சார்ட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். அந்த அளவையும் வைத்துத்தான் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் நீர் பிரியும் ஊசியை எவ்வளவு போடுவது என்று முடிவு செய்வார். அன்று காலை நான் டியூட்டி ஏற்கும்போது, இரவு 12 மணிக்குப் பிறகு சிறுநீர் அளவுக்கான கட்டங்கள் எல்லாம் காலி. இரவு டியூட்டி பார்த்த பெண்ணிடம் கேட்டேன். “எல்லாம் நார்மல்தான்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டாள். ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டபோது சொல்வதற்கு என்னிடம் எண் இல்லை. பெரியவரை எடை பார்த்து, மறுபடி பரிசோதித்து, ஊசி போட 10 மணி ஆகிவிட்டது.

“அவளுக்கு அலட்சியம்” என்று வார்டில் பேச்சு ஓடியது. பயிற்சியில் சொன்ன ஒரு சோதனை அப்போது நினைவுக்கு வந்தது: அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்கும்? கட்டங்கள் காலியாக இருப்பது தெரியும். “நார்மல்” என்று சொன்னது கேட்கும். அலட்சியம் எந்தக் கேமராவிலும் விழாது. அது நாமாகப் போடும் பட்டம்.

மறுநாள் இரவு டியூட்டிக்கு அவள் வந்ததும் மருந்து தயாரிக்கும் அறையில் தனியாகப் பேசினேன். சொன்னது இதுதான்:

“நேத்து காலையில டியூட்டி மாத்தும்போது நாலாம் பெட் ஐயாவோட சார்ட்ல 12 மணிக்கு அப்புறம் யூரின் அளவு எழுதல. நான் கேட்டப்ப நார்மல்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்ட. ரவுண்ட்ஸ்ல டாக்டர் கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடியல. ஊசி 10 மணிக்குத்தான் போட்டோம். அதுவரைக்கும் அவருக்கு மூச்சு வாங்கிடுமோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுப்பா?”

கேட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். 12 மணிக்கு டாக்டர் சொல்லி, சிறுநீர் போக வைத்திருந்த குழாயை, அதாவது கதீட்டரை, எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு பெரியவர் தானே எழுந்து கழிவறைக்குப் போயிருக்கிறார். அளவு ஜாடி ஸ்டோர் அறையில், ஸ்டோர் பூட்டு. அதே நேரத்தில் ஒன்பதாம் பெட்டுக்கு அவசரமாக ஒருவரைக் கொண்டுவந்துவிட்டார்கள். “நல்லாத்தான் போனாருக்கா, அதைத்தான் நார்மல்னு சொன்னேன்” என்றாள்.

இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. இப்போது இரண்டு அளவு ஜாடிகள் வார்டு அலமாரியிலேயே இருக்கின்றன. கதீட்டர் எடுத்ததும் ஜாடியைக் கட்டிலடியில் வைத்து, கூட இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். அளக்க முடியாமல் போனால் கட்டத்தைக் காலியாக விடாமல் “அளக்கவில்லை, இரண்டு முறை போனார்” என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி யோசனை அவளுடையது.

உங்கள் துறையில் எப்படி?

திருப்பூர் லைன்

சிஸ்டர், இதைத்தான் நாங்களும் பல வருஷமாகச் செய்கிறோம். முதலில் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் குறை, கடைசியில் மறுபடி ஒரு நல்ல வார்த்தை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு கையில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். பண்டல் அடுத்த டேபிளுக்குப் போன பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ஆனால் ஆளைப் பொறுத்துத்தான் எல்லாம். எங்கள் ஓவர்லாக் டெய்லர் ஒருவரிடம் “நீ நல்லாத் தைக்கிற ஆளுதான்மா, கொஞ்ச நாளா தையல்ல கவனம் இல்ல, உன்னை நம்பித்தான் இந்த லைன் ஓடுது” என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த பண்டலும் அதே மாதிரிதான் வந்தது. சிலர் மாற மாட்டார்கள்.

மேசைவிளக்கு

நான் நிறுவனங்களில் இந்தப் பயிற்சியை நடத்துபவன். உடனே சொல்ல வேண்டும் என்று திருப்பூர் நண்பர் எழுதியது மிகச் சரி. மற்றபடி அவர் சொல்வது வேறு முறை. நல்ல வார்த்தைக்கு நடுவில் குறையை வைத்தால், சிலருக்கு நல்ல வார்த்தை மட்டும்தான் காதில் விழும். சிலர் அந்த “ஆனா” எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அப்புறம் நீங்கள் மனதாரப் பாராட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

“கவனம் இல்ல” என்றதும் ஊகம்தான். அந்த டெய்லர் எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பேச்சில் எங்கே இருக்கிறது? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “காலையில ரெண்டாவது பண்டல்ல அஞ்சு பீஸ் எடுத்துப் பார்த்தேன்மா. தோள் தையல் இன்ச்சுக்கு 9 இருக்கு, ஷீட்ல 12 போட்டிருக்கு. செக்கிங்ல அஞ்சையும் திருப்பிட்டாங்க, பிரிச்சுத் தைக்கணும். மெஷின்ல ஏதாவது மாறியிருக்கா?” தையல் நீளத்தை முந்தைய ஷிஃப்டில் யாராவது மாற்றி வைத்திருக்கலாம். அப்படியானால் அவர் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் 9தான் வரும்.

அமெரிக்காவில், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருக்கும் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற நிறுவனம் உருவாக்கிய முறை இது. பிற்பாடு அவர்களே நாலாவதாக நோக்கத்தையும் சேர்த்தார்கள். அதாவது, சொல்லி முடித்த பிறகு “உங்கள் மனதில் என்ன இருந்தது?” என்று கேட்பது. மதுரை சிஸ்டர் கேட்ட கடைசிக் கேள்வி அதுதான். அதைக் கேட்டிருக்காவிட்டால் ஜாடி இன்னும் ஸ்டோரில்தான் பூட்டிக் கிடக்கும்.

என் வகுப்புகளில் அதிகம் தடுமாறுவது மூன்றாவது பகுதியில், விளைவில். “எல்லாருக்கும் உன்மேல கோபம்” என்பார்கள். எல்லாருக்கும் என்றதும் கேட்பவர் யார் யார் என்று தேட ஆரம்பித்துவிடுவார். “நீ என்னை அவமானப்படுத்திட்ட” என்பார்கள். அதில் மறுபடியும் அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. “நீங்க குறுக்கே பேசினதும் நான் நிறுத்திட்டேன், மூணாவது விஷயத்தைச் சொல்லவே இல்ல” என்றால் அதை யாரும் மறுக்க முடியாது. நமக்கு நடந்ததை, நாம் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

கோப்புக்கட்டு

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் பிரிவில் ஒருவர் தினமும் தாமதமாக வருகிறார், அவருடைய கவுன்டரையும் நான்தான் பார்க்கிறேன். தேதி வாரியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். சூழல், செயல், விளைவு என்று மூன்று தலைப்பு போட்டு மெமோ மாதிரி எழுதி, மேலதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பினால் செல்லுமா?

மேசைவிளக்கு

மெமோ வேறு, இது வேறு. மெமோ கையில் கிடைத்ததும் அவர் என்ன விளக்கம் கொடுத்துத் தப்பிப்பது என்றுதான் யோசிப்பார். உங்களிடம் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார். நோட்டைப் பிரித்துத் தேதிகளை வாசித்தாலும் அதே கதைதான், விசாரணை ஆகிவிடும். இது நேரில், தனியாகப் பேசுவதற்கானது. வாட்ஸ்அப்பில்கூட வேண்டாம் என்பேன்.

கோப்புக்கட்டு

ஒரு நாளை மட்டும் சொன்னால் “அன்னைக்கு பஸ் வரல சார்” என்பார். எனக்குப் பிரச்சினை ஒரு நாள் தாமதம் இல்லை, தினமும் நடப்பது. அதை இந்த முறையில் எப்படிச் சொல்வது?

மேசைவிளக்கு

நியாயமான கேள்வி. ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசத்தான் இந்த முறை நன்றாக உதவும். பழக்கமாகிவிட்டதைச் சொல்லச் சிரமம்தான். சமீபத்தில் நடந்த இரண்டைச் சேர்த்துச் சொல்லலாம்: “இந்த வாரம் திங்களும் புதனும் நீங்க பத்தரைக்கு வந்தீங்க. ரெண்டு நாளும் உங்க கவுன்டர் வரிசையையும் நான்தான் பார்த்தேன், என் கோப்பு சாயங்காலம் வரைக்கும் நகரல.” “எப்பவும்”, “தினமும்” என்ற சொற்கள் வேண்டாம். என்றைக்கோ ஒரு நாள் சரியாக வந்ததைச் சொல்லியே உங்கள் வாயை அடைத்துவிடுவார். இதன் பிறகும் தொடர்ந்தால் அது உங்கள் மேலதிகாரி பார்க்க வேண்டிய விஷயம்.

பீளமேடு பட்டறை

குறை சொல்ல மட்டும்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாராட்டவும் இதே வரிசைதான். எங்கள் பம்ப் பட்டறையில் ஒரு பையன், ஷாஃப்ட் கடையும்போது சத்தம் மாறியதும் மெஷினை நிறுத்தி டூலை எடுத்துப் பார்த்தான். முனை உடைந்திருந்தது. “சூப்பர்டா” என்று சொல்லியிருந்தால் எதற்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. “சத்தம் மாறினதும் நீயே நிறுத்தின, அந்த ஷாஃப்ட் வீணாகல” என்றேன். இப்போது சத்தத்தைக் கவனிக்கச் சொல்லிப் புதுப் பையன்களுக்கு அவனே கற்றுக்கொடுக்கிறான்.

முதல் சம்பளம்

எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் இளையவரிடமோ சமமானவரிடமோ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் மென்பொருள் டெஸ்டிங்கில் இருக்கிறேன். டீமில் ஒரு சீனியர் அண்ணன், கிளையன்ட் காலில் நான் பேசும்போதெல்லாம் குறுக்கே வருவார். தனியாகப் போய்ச் சொன்னேன்: “அண்ணா, நேத்து கால்ல நான் டெஸ்ட் ரிசல்ட் சொல்லும்போது நடுவுல நீங்க பதில் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் கிளையன்ட் எல்லாக் கேள்வியையும் உங்ககிட்டயே கேட்டாங்க. லாகின் பக்கத்துல இருக்கற பிழையை நான் சொல்லவே முடியல.” மேசைவிளக்கு சார் சொன்ன மாதிரி ஊகம் எதையும் சேர்க்கவில்லை. “சரிப்பா, அதுக்கென்ன இப்போ” என்றார். அதிலிருந்து என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்.

வைகைக்கரை

உங்கள் வார்த்தைகளில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை தம்பி. ஆனால் கடைசியில் நீங்கள் அவரிடம் எதையும் கேட்கவில்லையே? அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கூடக் குறுக்கே வந்திருக்கலாம்.

பீளமேடு பட்டறை

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சிஸ்டர். வயதில் மூத்தவரிடம் எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், “நீ எனக்குச் சொல்றியா” என்றுதான் போகும். எங்கள் பட்டறையில் நான் பார்த்தது இதுதான். நடந்ததைப் பற்றிப் பேசவே கூடாது, இனி என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட வேண்டும்.

மேசைவிளக்கு

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மூத்தவரிடம் ஆரம்பிக்கும் முன்பு “ஒரு விஷயம் பேசலாமாண்ணா, இப்போ நேரம் இருக்கா?” என்று அனுமதி கேட்டவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கிறது. அப்படிக் கேட்டும் முகம் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் பேசிய பிறகு வந்த காலில் அவர் குறுக்கே வந்தாரா?

முதல் சம்பளம்

அதற்குப் பிறகு இன்னும் கால் வரவில்லை சார். வியாழக்கிழமை இருக்கிறது. டெஸ்ட் ரிசல்ட் பகுதியை நான் முடித்த பிறகு நீங்கள் பேசுகிறீர்களா என்று புதன்கிழமையே அவரிடம் கேட்டுவிடப் போகிறேன். அவர் ஏன் அன்று பதில் சொன்னார் என்பதையும் கேட்கிறேன், சிஸ்டர். என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.