சேமிப்பிடம் நிறைந்துவிட்டதாம், பேத்தியின் காணொளியைச் சேமிக்க முடியவில்லை

கேட்டவர்: பேத்தியின் பாட்டி

என் பேத்தி முதன்முதலாகச் சுவரைப் பிடிக்காமல் நடந்ததை மகள் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். மங்கலான படத்தின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறியும் 84 எம்பி என்ற அளவும் தெரிகின்றன. தொட்டவுடன், கைப்பேசியில் இடம் போதவில்லை, சிலவற்றை நீக்குங்கள் என்று செய்தி வருகிறது. கேலரியில் இருந்த பழைய படங்களை நிறையவே அழித்துவிட்டேன்; ஆயினும் அதே செய்திதான். இது ஆண்ட்ராய்டு கைப்பேசி, மொத்தக் கொள்ளளவு 32 ஜிபி.

மறைந்த என் கணவரின் குரல் பதிவுகள் இதே வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தச் சேதமும் வராத வழியாகச் சொல்லுங்கள்.

மாறன்:

அம்மா, ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டால் போதும். வாட்ஸ்அப் அமைப்பில் ‘Media visibility’ என்பதையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகு வரும் படங்கள் இடத்தை அடைக்கமாட்டா.

செல்வி:

எனக்கும் இதே தொல்லை இருந்தது. கூகுள் கணக்கில் இலவசமாகத் தரும் 15 ஜிபி நிறைந்துவிட்டதால் மின்னஞ்சலே வராமல் நின்றுபோனது. பெரிய இணைப்புகளுடன் இருந்த பழைய மின்னஞ்சல்களை அழித்த பிறகே சரியானது. நீங்களும் அப்படியே செய்து பாருங்கள்.

இளங்கோ (கைப்பேசி பழுதுநீக்குபவர்):

செல்வி சொல்வது இணையத்தில் இருக்கும் கணக்கின் இடம். பாட்டியம்மாவுக்கு நிறைந்திருப்பது கைப்பேசிக்குள் இருக்கும் இடம். மின்னஞ்சலை எவ்வளவு அழித்தாலும் இந்தச் செய்தி போகாது. மாறன் சொன்ன அமைப்பு, படங்களைக் கேலரியில் காட்டாமல் மறைக்குமே தவிர, அவை இறங்குவதைத் தடுக்காது. வாட்ஸ்அப் தன் கோப்புகளை உள்சேமிப்பிலேயே வைப்பதால் மெமரி கார்டு போட்டதும் இந்தக் காணொளி இறங்கிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது.

அம்மா, நீங்கள் அழித்த படங்கள் இன்னும் கைப்பேசியை விட்டுப் போகவில்லை. கேலரியில் ‘Trash’ என்றொரு பகுதி இருக்கும். தவறுதலாக அழித்தவர்கள் மீட்டுக்கொள்வதற்காக, அழித்த படங்களைப் பெரும்பாலும் 30 நாள் அங்கேயே வைத்திருக்கும், அதுவரை இடமும் விடுபடாது. அதைத் திறந்து, வேண்டிய படம் எதுவும் அதில் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப்பில் Settings → Storage and data → Manage storage என்று செல்லுங்கள். பலமுறை முன்னனுப்பப்பட்டவை ‘Forwarded many times’ என்றும், பெரியவை ‘Larger than 5 MB’ என்றும் தனித்தனியாக நிற்கும். முதல் பகுதியில் காலை வணக்கக் காணொளிகளும் குழுக்களில் சுற்றும் துணுக்குகளும்தான் பெரும்பாலும் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். அந்தத் திரையின் கீழே ஆட்களின் பெயர்வாரியாகவும் பட்டியல் வரும். ஐயாவின் பெயரைத் தொடவே வேண்டாம். குரல் பதிவு ஒரு நிமிடத்துக்குச் சில நூறு கேபி மட்டுமே பிடிக்கும்; பேத்தியின் ஒரு காணொளி பிடிக்கும் இடத்தில் பல மணி நேரப் பேச்சு அடங்கும்.

ஒன்றை மட்டும் எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். கைப்பேசி அமைப்பில் வாட்ஸ்அப் செயலிக்குள் ‘Clear cache’, ‘Clear data’ என்று இரண்டு அருகருகே இருக்கக்கூடும். முதலாவதால் கேடில்லை, பலனும் சிறிதே. இரண்டாவதை அழுத்தினால் உரையாடல்கள் கைப்பேசியிலிருந்து போய்விடும். காப்புப்பிரதி இல்லையென்றால் திரும்பி வாரா. அவசரத்தில் செயலியையே நீக்கிவிட்டுக் கண்ணீருடன் கடைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அம்புக்குறி தெரியும்வரை அந்தக் காணொளி உங்களிடம் வந்து சேரவில்லை என்பதே பொருள். வாட்ஸ்அப் அதை என்றென்றும் வைத்திருக்காது. ஆகவே மூலத்தை அழிக்க வேண்டாமென்று மகளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பேத்தியின் பாட்டி:

தம்பி, குப்பைப் பகுதியில் நான் அழித்த படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அதைக் காலி செய்து, முன்னனுப்பிய காணொளிகளையும் நீக்கிய பிறகு 3 ஜிபிக்கு மேல் இடம் கிடைத்தது. காணொளி இறங்கிவிட்டது, குழந்தை நான்கு அடி வைத்து, ஐந்தாவதில் தாயின் புடவையைப் பற்றிக்கொள்கிறாள். கணவரின் பதிவுகளும் பத்திரமாக ஒலிக்கின்றன.

அவற்றை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைக்க முடியுமா?

இளங்கோ:

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். கைப்பேசியைக் கணினியுடன் இணைத்தால் Android/media/com.whatsapp/WhatsApp/Media என்ற அடைவுக்குள் ‘WhatsApp Voice Notes’ இருக்கும். அதை முழுவதுமாகப் படியெடுத்துக்கொள்ளலாம். கோப்பின் பெயரில் தேதி இருக்குமே தவிர, பேசியவர் யார் என்று இராது. கணவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க, ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

மாறன்:

அந்த உரையாடலுக்குள் ‘Export chat’ கொடுத்தால் அவருடையவை மட்டும் வருமே?

இளங்கோ:

வரும். ஆனால் நீண்ட உரையாடலில் அண்மையவை வந்து, பழையவை விடுபடக்கூடும். பாட்டியம்மாவுக்கு வேண்டியவை பழையவைதானே. இதை முழுமையாகச் செய்து முடித்தவர் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.