அப்பா கணக்குல இருந்து 7 லட்சம் ரொக்கமா எடுக்கணும், பிராஞ்சுல திருப்பி அனுப்பிட்டாங்க

திருமங்கலம் தம்பி:
தங்கச்சி கல்யாணம் நெருங்கிருச்சு. மண்டபம், சமையல், பந்தல், பூ எல்லாத்துக்கும் 7 லட்சம் ரொக்கம் வேணும். பணம் அப்பாவோட சேவிங்ஸ் கணக்குல, உசிலம்பட்டி பிராஞ்சு. அப்பா செக்கோட நான் மதுரையில அதே பேங்கோட வேற பிராஞ்சுக்குப் போனா, கணக்குக்காரரே வரணும், அவர் வந்தாலும் இவ்வளவு இங்க தர முடியாதுங்கறாங்க. அவருக்கு கை நடுக்கம் வேற, கையெழுத்து பழைய மாதிரி விழல. என்ன பண்ண?

மேலூர் செல்வி:
ஏடிஎம்ல தினம் கொஞ்சமா எடுங்க, நான் அப்படித்தான் பண்ணேன்.

திருமங்கலம் தம்பி:
அப்பாட்ட ஏடிஎம் கார்டே இல்லக்கா.

கரிமேடு பாய்:
2 லட்சத்துக்கு மேல ரொக்கம் எடுத்தாலே அபராதம் தம்பி, பாத்து.

பழைய கேஷியர்:
இல்ல பாய், அந்த விதி பணம் வாங்குற ஆளுக்கு. சொந்தக் கணக்குல எடுக்கறதுக்கு இல்ல. ஆனா தம்பி, மண்டபக்காரருக்கு ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா கொடுத்தா அவருக்கு அதே அளவு அபராதம் வரும், ஒரே கல்யாணத்துக்குன்னா நாலு தவணையா பிரிச்சாலும் சேத்துத்தான் கணக்கு. மண்டபம் எவ்வளவு?

திருமங்கலம் தம்பி:
2.5 லட்சம் சார்.

பழைய கேஷியர்:
அத கணக்குலயே அனுப்பிருங்க, ரொக்கம் நாலரை லட்சமா குறைஞ்சிரும். 500 ரூபாயில ஒன்பது கட்டு, ஒரு பைக்குள்ள அடங்கிரும். பிராஞ்சுல வச்சுக்கற பணத்துக்கு ஒரு வரம்பு உண்டு, மிச்சத்த கரன்சி செஸ்டுக்கு அனுப்பிருவாங்க, அதனால உசிலம்பட்டிக்கு முன்னாடியே போன் போட்டு தொகைய சொல்லி வைங்க. கையெழுத்துதான் பெரிய சிக்கல். பணம் எடுக்கற அன்னைக்கு இல்லாம முந்தியே அப்பாவ பாஸ்புக், ஒரிஜினல் ஆதாரோட கூட்டிட்டுப் போய் புது மாதிரிக் கையெழுத்து பதிய கேளுங்க. போடவே முடியலன்னா கைரேகை வைக்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரி.

மேலூர் செல்வி:
கட்ட கவுண்டர்லயே மெஷின்ல போடச் சொல்லி பாத்துக்கங்க. வெளியில யாராவது சட்டையில அழுக்கு, கீழ காசு கிடக்குன்னு சொன்னா திரும்பாதீங்க. எங்க சித்தப்பா வண்டி டிக்கியில பைய வச்சிட்டு டீ குடிக்க நின்னாரு, திரும்பி வந்தா டிக்கி நெம்பிக் கிடந்துச்சு, பை இல்ல.

கரிமேடு பாய்:
தேர்தல் நேரம்னா 50,000-க்கு மேல இருந்தாலே பறக்கும் படை நிறுத்திக் கேப்பாங்க தம்பி, அன்னைக்கே எண்ட்ரி போட்ட பாஸ்புக்கும் பத்திரிகையும் கையில இருக்கட்டும்.

திருமங்கலம் தம்பி:
உசிலம்பட்டிக்கு போன் போட்டேன், ரெண்டு நாள் முன்னாடி சொன்னா போதுமாம். மச்சான் கார் கொண்டு வரேன்னுட்டாரு. கையெழுத்துக்கு மட்டும் அப்பாவ நேர்ல பாத்துட்டுத்தான் சொல்வேன்னு மேனேஜர் சொல்றாரு, திங்கக்கிழம கூட்டிட்டுப் போறேன். சார், பூக்காரர், மேளக்காரர்க்கு சில்லறையா கொடுக்கணும், ஒரு கட்டு 100 ரூபாயில கேட்டா தருவாங்களா?

பழைய கேஷியர்:
இருந்தா தருவாங்க. திங்கக்கிழமையே சொல்லிருங்க.