28% என்றால் எத்தனை கிராம் புரதம்?

வணக்கம். ஊட்டச்சத்து விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

தேவகோட்டையில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் போகணும் என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா பட்டாணிப் புரதப் பவுடர் அனுப்பினார். அதன் லேபிளில் ஒரு சர்விங் 2 ஸ்கூப், 30 கிராம். புரதம் 20 கிராம், பக்கத்திலேயே 28% டெய்லி வேல்யூ.

அமெரிக்க லேபிளில் பெரியவர்களுக்குப் புரதத்தின் டெய்லி வேல்யூ 50 கிராம். அப்படியென்றால் 28% என்பது 14 கிராம்தானே, 20 கிராமுக்கு 40% வர வேண்டாமா? அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். விசாரித்ததில், கிராம் என்பது உள்ளே இருக்கும் மொத்தப் புரதமாம். சதவீதம் மட்டும் செரிமானத்தையும் அமினோ அமிலத் தரத்தையும் பார்த்துக் குறைத்துப் போடுவதாம். 20-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 14, கணக்கு சரியாக வருகிறது. மற்ற சத்துகளுக்கு இந்தக் கழிவு கிடையாது, புரதத்துக்கு மட்டும்தான்.

அப்பத்தா குடிப்பது ஒரு ஸ்கூப்தான், அதுவும் பாலில் கலந்து. (பாசிப்பருப்புக் கஞ்சிக்கு இது ஈடாகுமா என்று தினமும் ஒரு பேச்சு வேறு!)

என் சந்தேகம் இதுதான்: நோட்டில் 10 கிராம் என்று எழுதவா, 7 என்று எழுதவா? டயட்டீஷியன் சொல்லும் 50 கிராம் பொதுவாக எந்தக் கணக்கு? பட்டாணியில் குறையும் அமினோ அமிலத்தைப் பால் ஈடுகட்டும் என்றால், 7 என்று குறைத்து எழுதுவது தேவையில்லைதானே?